வெளிச்சம் விழுங்கிய வரிகள்

பதினோராம் வகுப்பு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கரும்பலகைப் படங்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அன்றைக்கு வகுப்புக்கு வராதவர்களுக்காக யாரோ பின்வரிசையிலிருந்து அவசரமாக எடுத்து அனுப்பியிருப்பார்கள். ஒன்றில் முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். இன்னொன்றில் ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். வரலாறோ உயிரியலோ என்றால் போன வரிகள் போனதுதான், புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். கணித நிரூபணம் அப்படியில்லை. மறைந்த வரிகளுக்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் தெரிந்தால், நடுவில் என்ன இருந்தாக வேண்டும் என்று நாமே யோசித்து எழுதிவிடலாம். எழுதியது சரிதானா என்று நாமே சோதிக்கவும் செய்யலாம்.

கணிதத் தொகுத்தறிதல் பாடத்தில் இப்படி ஒரு படம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். புள்ளிகள் உள்ள இடம் வெளிச்சம் விழுந்து எழுத்து தெரியாத இடம்.

```
P(n) : 2ⁿ > n²,  n ≥ 5

n = 5 எனில்  32 > 25.  P(5) உண்மை.
P(k) உண்மை என்க:  2ᵏ > k²,  k ≥ 5

2ᵏ⁺¹ = 2 · 2ᵏ
     . . . . . . .
     . . . . . . .
     . . . . .  5k
     . . . . . . .
     . . . . . . .
     = (k + 1)²
எனவே P(k + 1) உண்மை.
```

இரண்டை மீண்டும் மீண்டும் பெருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் எண், ஐந்திலிருந்து தொடங்கி எப்போதும் அந்த எண்ணின் வர்க்கத்தைவிடப் பெரியதாக இருக்கும் என்பதுதான் கூற்று. 2⁵ என்பது 32, 5² என்பது 25. 2⁶ என்பது 64, 6² என்பது 36. 2⁷ என்பது 128, 7² என்பது 49. இடைவெளி விரிந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது கணிதத்தில் போதாது. n² + n + 41 என்ற கோவையில் n-க்கு 0, 1, 2 என்று 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். ஆய்லர் கவனித்த புகழ்பெற்ற குடும்பம் இது. நாற்பது முறை தவறாமல் பகா எண் வந்த பிறகு, n = 40 என்று போட்டால் 1681 வருகிறது. அது 41 × 41. நாற்பது சோதனைகள் தந்த நம்பிக்கையை நாற்பத்தொன்றாவது சோதனை உடைத்துவிடுகிறது. எல்லா எண்களுக்கும் ஒரு கூற்று உண்மை என்று சொல்ல, சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது வழியல்ல. அதற்குத்தான் தொகுத்தறிதல்.

படத்தில் மறைந்தது எது?

வரிசையாக வைத்த அகல் விளக்குகளை நினைத்துப் பாருங்கள். முதல் விளக்கை ஏற்றியாயிற்று. எந்த விளக்கு எரிந்தாலும் அதன் சுடர் அடுத்த விளக்கின் திரியை எட்டும்படி இடைவெளி விடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டும் உறுதியானால் வரிசை எவ்வளவு நீளமானாலும் எல்லா விளக்கும் எரியும். P(5) உண்மை என்று காட்டுவது முதல் விளக்கை ஏற்றுவது. P(k) உண்மையானால் P(k + 1) உண்மை என்று காட்டுவது, சுடர் எட்டும் என்று நிறுவுவது. நம் படத்தில் முதல் வேலை முழுசாக இருக்கிறது. வெளிச்சம் விழுந்தது இரண்டாவது வேலையின் மேல்.

இந்த இடத்தில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நிரூபிக்க வேண்டியதையே உண்மைன்னு எடுத்துக்கிட்டா அது எப்படி சார் நிரூபணம் ஆகும்?” மிக நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் மறைந்த வரிகளை நிரப்பவே முடியாது.

“P(k) உண்மை என்க” என்ற வரி எல்லா எண்களைப் பற்றியும் பேசவில்லை. k என்று பெயரிட்ட ஏதோ ஓர் எண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த எண்ணுக்கும் கூற்று உண்மைதான் என்று அது உறுதியும் தரவில்லை. உண்மையாக இருக்கும் பட்சத்தில் என்ன நடக்கும் என்று பார்க்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான். அந்தப் பகுதி முடியும்போது நம் கையில் இருப்பது “P(k) உண்மை” என்பதும் அல்ல, “P(k + 1) உண்மை” என்பதும் அல்ல. “P(k) உண்மையானால் P(k + 1)-உம் உண்மை” என்ற ஒரு தொடர்பு மட்டும்தான் கையில் இருக்கும். விளக்கு எரிகிறது என்று அது சொல்லவில்லை. எரிந்தால் அடுத்தது பற்றிக்கொள்ளும் என்று சொல்கிறது. எரிகிறது என்ற செய்தி P(5)-இலிருந்துதான் வரவேண்டும். P(5) தெரியும், தொடர்பும் தெரியும் என்பதால் P(6). P(6) தெரிந்ததால் P(7). அப்படியே மேலே மேலே.

ஆகவே வெள்ளைத் திட்டின் மேல்விளிம்பில் நம்மிடம் உள்ள முதலீடு ஒன்றே ஒன்று: 2ᵏ > k². அதோடு k என்பது ஐந்தோ அதைவிடப் பெரியதோ என்ற தகவல். கீழ்விளிம்பில் போய்ச் சேர வேண்டிய இடம் (k + 1)². நடுவில் உள்ள பாதையைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளத்தை அளந்து பார்ப்பது

தெரியும் கடைசி வரி 2ᵏ⁺¹ = 2 · 2ᵏ. ஆசிரியர் ஏன் இப்படிப் பிரித்தார்? P(k) பேசுவது 2ᵏ பற்றி. 2ᵏ⁺¹-க்குள் ஒளிந்திருக்கும் 2ᵏ-ஐ வெளியே எடுத்தால்தான் கையிலுள்ள முதலீட்டைப் பயன்படுத்த முடியும். கூட்டல் தொடராக இருந்தால் கடைசி உறுப்பைத் தனியே பிரிப்போம். அடுக்கு என்பதால் ஒரு இரண்டைத் தனியே பிரித்திருக்கிறார். தொகுத்தறிதல் நிரூபணம் எதை எடுத்தாலும் இந்த முதல் அசைவு இருக்கும்: k + 1 பற்றிய பொருளுக்குள் k பற்றிய பொருளைத் தேடிப் பிடிப்பது.

பிரித்த பிறகு அடுத்த வரி தானாகவே வந்துவிடுகிறது. 2ᵏ > k² என்பதால் 2 · 2ᵏ > 2k². மறைந்த முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும். முதலீட்டைச் செலவழித்தாயிற்று. இனிமேல் 2ᵏ என்ற அடுக்கே நிரூபணத்தில் வராது. மிச்சமிருப்பது வெறும் வர்க்கங்களைப் பற்றிய கேள்வி:

```
2k²  ≥  (k + 1)²   என்பது சரியா?
```

இதுதான் பள்ளம். இதை எண்களால் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு தாண்டுவது நல்லது.

```
k = 1 :   2k² =  2    (k+1)² =  4
k = 2 :   2k² =  8    (k+1)² =  9
k = 3 :   2k² = 18    (k+1)² = 16
k = 4 :   2k² = 32    (k+1)² = 25
k = 5 :   2k² = 50    (k+1)² = 36
```

ஒன்றிலும் இரண்டிலும் பொய்; மூன்றிலிருந்து உண்மை. இந்தச் சிறு பட்டியலுக்கு நிரூபணத்தில் இடமில்லை. ஆனால் பாலம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பின்னால் நம் விடையைச் சோதிக்க இது வேண்டும்.

இப்போது பாலம் கட்டலாம். (k + 1)²-ஐ விரித்தால் k² + 2k + 1. 2k² என்பது k² + k². இரண்டு பக்கமும் ஒரு k² பொது. ஆக, மீதமுள்ள k² மட்டும் 2k + 1-ஐவிடப் பெரியது என்று காட்டினால் போதும். படத்தில் திட்டின் ஓரத்தில் “5k” என்ற துண்டு தப்பிப் பிழைத்திருக்கிறதே, அது இங்கே கைகொடுக்கிறது. k என்பது ஐந்துக்குக் குறையாது என்பதால் k · k என்பது 5k-க்குக் குறையாது. 5k-ஐ 2k + 3k என்று பிரித்தால் 3k நிச்சயம் ஒன்றைவிடப் பெரியது. மறைந்த ஐந்து வரிகளும் இதோ:

```
2ᵏ⁺¹ = 2 · 2ᵏ
     > 2k²
     = k² + k · k
     ≥ k² + 5k
     = k² + 2k + 3k
     > k² + 2k + 1
     = (k + 1)²
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் “>” குறி P(k)-இலிருந்து வருகிறது. “≥” குறி k ≥ 5 என்பதிலிருந்து வருகிறது. கடைசி “>” குறி 3k > 1 என்பதிலிருந்து வருகிறது. சமக்குறிகள் வெறும் இயற்கணிதம். குறிகள் எல்லாம் ஒரே திசையில் இருப்பதையும் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு “<” வந்திருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும்.

வேறு வழியில் நிரப்பினால் தவறா?

“5k” என்ற துண்டு தெரியாமல் போயிருந்தால் வேறு ஒருவர் இந்த இடத்தை வேறு விதமாக நிரப்பியிருப்பார். k² − 2k − 1-ஐ (k − 1)² − 2 என்று எழுதலாம். (k − 1)² இரண்டைவிடப் பெரியதாக இருந்தால் பாலம் நிற்கும். K மூன்றோ அதற்கு மேலோ என்றால் (k − 1)² நான்குக்குக் குறையாது. முடிந்தது. இந்த வழிக்கு ஒரு கூடுதல் மதிப்பு உண்டு. பாலம் சரியாக மூன்றிலிருந்து நிற்கிறது என்று நம் பட்டியல் காட்டியதை இது அப்படியே சொல்கிறது. ஆசிரியரின் 5k வழி சற்றுத் தாராளமானது. k = 3, k = 4 ஆகியவற்றில் k · k ≥ 5k என்பது பொய், ஆனாலும் பாலம் அங்கே நிற்கத்தான் செய்கிறது. ஐந்திலிருந்துதான் நமக்குத் தேவை என்பதால் அந்தத் தாராளம் குற்றமில்லை.

மூன்றாவது வழி, ஏன் இந்தக் கூற்று உண்மையாக இருக்கிறது என்பதையே வெளிச்சமாக்குகிறது. k-இலிருந்து k + 1-க்குப் போகும்போது இடப்பக்கம் இரண்டு மடங்காகிறது. வலப்பக்கம் எத்தனை மடங்காகிறது? (k + 1)²-ஐ k²-ஆல் வகுத்தால் (1 + 1/k)². k = 5 எனில் இது 1.2-இன் வர்க்கம், அதாவது 1.44. k பெரிதாகப் பெரிதாக இது இன்னும் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு அடியிலும் ஒரு பக்கம் இரண்டு மடங்கு வளர்கிறது, மறுபக்கம் அதிகபட்சம் 1.44 மடங்குதான் வளர்கிறது. ஐந்தில் முந்திவிட்ட பக்கம் பின்னால் எப்போதும் பின்தங்க முடியாது.

மூன்றும் சரியான விடைகள். படத்தில் மறைந்ததை அப்படியே மீட்பது ஒரு வேலை, மறைந்த இடத்தைச் சரியாக நிரப்புவது இன்னொரு வேலை. முதலாவதற்குத் தப்பிப் பிழைத்த துண்டுகள் வேண்டும். இரண்டாவதற்கு இரண்டு விளிம்புகள் போதும்.

எங்கே தவறு நடக்கும்?

இந்த வெற்றிடத்தை மாணவர்கள் நிரப்பும் விதங்களில் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்தே தொடங்கிவிடுவார்கள்.

```
2ᵏ⁺¹ > (k + 1)²
2ᵏ + 2ᵏ > k² + 2k + 1
2ᵏ > k² என்பதால் அதைக் கழிக்க,
2ᵏ > 2k + 1.   இது உண்மை. எனவே P(k + 1) உண்மை.
```

பார்க்க நன்றாக இருக்கும் இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, ஓர் அசமன்பாட்டிலிருந்து இன்னோர் அசமன்பாட்டைக் கழிக்க முடியாது. 10 > 9 என்பதும் 8 > 1 என்பதும் உண்மை. கழித்தால் 2 > 8 என்று வரும். இரண்டு, அதைவிடப் பெரியது: நிரூபிக்க வேண்டியதிலிருந்து தொடங்கி உண்மையான ஒன்றில் போய் முடித்தால் எதுவும் நிரூபணமாகாது. 1 = 2 என்று தொடங்கி இரு பக்கமும் பூஜ்யத்தால் பெருக்கினால் 0 = 0 என்ற மறுக்க முடியாத உண்மை கிடைக்கும். அதனால் ஒன்றும் இரண்டும் சமமாகிவிடாது. பொய்யிலிருந்து உண்மைக்கு வர வழியுண்டு. உண்மையிலிருந்து பொய்க்குப் போகத்தான் வழியில்லை. அதனால்தான் நிரூபணத்தின் திசை முக்கியம்.

ஆனால் இந்த மாணவர் எழுதியதைக் குப்பையில் போட வேண்டாம். அதைக் கீழிருந்து மேலாக வாசித்துப் பாருங்கள். 2ᵏ > 2k + 1 என்பது ஐந்திலிருந்து உண்மை, ஏனென்றால் 2ᵏ > k² ≥ 5k > 2k + 1. நம் முதலீடு 2ᵏ > k². இந்த இரண்டையும் கூட்டினால் 2ᵏ + 2ᵏ > k² + 2k + 1. அசமன்பாடுகளைக் கழிக்கக் கூடாதே தவிர, ஒரே திசையில் உள்ளவற்றைக் கூட்டலாம். ஆக P(k + 1) கிடைத்துவிட்டது. ரஃப் நோட்டில் கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி யோசிப்பதுதான் இயல்பு, பெரிய கணிதவியலாளர்களும் அப்படித்தான் யோசிப்பார்கள். விடைத்தாளில் அதைத் திருப்பி மேலிருந்து கீழாக எழுத வேண்டும், எழுதும்போது ஒவ்வொரு அடியும் அந்தத் திசையில் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிரப்பியது சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது, நம் கூற்றுக்கே உரிய வழி. 2ⁿ > n² என்பது n = 1-இலும் உண்மைதான்: 2 > 1. ஆனால் n = 2-இல் 4-உம் 4-உம் சமம், கூற்று பொய். அதாவது முதல் விளக்கு எரிகிறது, ஆனால் சுடர் இரண்டாவதை எட்டவில்லை. P(1) உண்மை, P(2) பொய் என்பதால் “P(k) உண்மையானால் P(k + 1) உண்மை” என்ற தொடர்பு k = 1-இல் கண்டிப்பாக அறுந்தாக வேண்டும். இதைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிரப்பிய வரிகளில் k = 1 என்று போட்டால் ஏதோ ஒரு வரி உடைய வேண்டும். உடையவில்லை என்றால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள், பொய்யான ஒன்றையும் அந்த வரிகள் “நிரூபித்து”விடுகின்றன. ஆசிரியரின் வழியில் k · k ≥ 5k என்பது 1 ≥ 5 ஆகி உடைகிறது. இரண்டாவது வழியில் (k − 1)² பூஜ்யமாகி உடைகிறது. மூன்றாவதில் வலப்பக்கம் நான்கு மடங்காகிறது. மூன்றுமே தேறுகின்றன. k ≥ 5 என்ற தகவலை எங்குமே தொடாமல் ஒருவர் இந்தப் பாலத்தைக் கட்டிக் காட்டினால், வரிகளைப் படிப்பதற்கு முன்பே அது விழும் என்று சொல்லிவிடலாம்.

மறுபக்கத்தில் மூன்றும் நான்கும் வேறொரு பாடம் சொல்கின்றன. அங்கே பாலம் நிற்கிறது, ஆனால் 2³ என்பது 8, 3² என்பது 9. 2⁴-உம் 4²-உம் 16. சுடர் எட்டும் தூரத்தில் விளக்குகள் இருக்கின்றன, ஏற்றத்தான் ஆள் இல்லை. அடிப்படைப் படியும் தொடர்புப் படியும் ஒன்றுக்கொன்று ஈடாகாத இரண்டு தனி வேலைகள் என்பதை இந்த ஒரே கூற்று இரண்டு முனையிலும் காட்டிவிடுகிறது.

பாஸ்கல் செய்த விதம்

இந்த இரு வேலைகளையும் தெளிவாகப் பிரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். எண்முக்கோணம் பற்றி அவர் 1654 வாக்கில் எழுதிய நூல், அவர் மறைந்த பிறகு 1665-இல் வெளியானது. அதில் ஒரு விகிதம் முக்கோணத்தின் எல்லா வரிசைகளிலும் பொருந்தும் என்று காட்ட இரண்டு துணைக்கூற்றுகளை வைக்கிறார். இரண்டாவது வரிசையில் பொருந்துகிறது என்பது ஒன்று. ஏதேனும் ஒரு வரிசையில் பொருந்தினால் அடுத்ததிலும் பொருந்தும் என்பது மற்றது. இரண்டாவதை நிறுவும்போது அவர் பொதுவான k எதையும் எழுதவில்லை. நான்காவது வரிசையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஐந்தாவதற்கு எப்படிப் போவது என்று காட்டுகிறார். நான்கு என்ற எண்ணுக்கே உரிய எதையும் பயன்படுத்தாததால் அதே வாதம் எந்த வரிசைக்கும் செல்லும்.

பாதை பிடிபடாமல் திணறுபவர்களுக்கு இது இன்றும் நல்ல வழி. எழுத்தை வைத்து யோசிக்க வரவில்லை என்றால், ஐந்திலிருந்து ஆறுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு நிபந்தனை: 2⁶ = 64 என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. 2⁵ > 5² என்பது மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொண்டு போக வேண்டும்.

```
2⁶ = 2 · 2⁵ > 2 · 5² = 5² + 5 · 5
   = 5² + 2 · 5 + 3 · 5 > 5² + 2 · 5 + 1 = 6²
```

ஐந்தைப் பெருக்கி 25 ஆக்காமல் ஐந்தாகவே விட்டு வைத்ததால் வடிவம் தெரிகிறது. இப்போது அடிப்படை எண் வரும் இடத்திலெல்லாம் k போட்டால் பொது நிரூபணம் தயார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 5 · 5 என்பதில் ஓர் ஐந்து k-ஆகவும், இன்னொன்று k எவ்வளவு குறைந்தாலும் ஐந்துக்குக் கீழே போகாது என்ற எல்லையாகவும் வேலை செய்கிறது. அதனால்தான் பொது வடிவத்தில் அங்கே சமக்குறிக்குப் பதில் “≥” வருகிறது.

நிரப்பவே முடியாத வெற்றிடம்

எல்லா வெற்றிடங்களும் இப்படி வழிவிடுவதில்லை. இன்னொரு படத்தைப் பாருங்கள்.

```
P(n) : 1/1² + 1/2² + 1/3² + ... + 1/n² < 2

n = 1 எனில்  1 < 2.  P(1) உண்மை.
     . . . . . . .
     . . . . . . .
எனவே எல்லா n-க்கும் P(n) உண்மை.
```

கூற்று உண்மையானது. கூட்டிப் பார்த்தால் 1, 1.25, 1.361…, 1.423… என்று மெல்ல ஏறுகிறது. எட்டு உறுப்புகளுக்குப் பிறகும் 1.53-ஐத் தொடவில்லை. முடிவில்லாமல் கூட்டினால் π²/6-ஐ, அதாவது சுமார் 1.645-ஐ நெருங்கும் என்று ஆய்லர் 1730-களில் கண்டுபிடித்தார். இரண்டைத் தாண்டவே தாண்டாது.

பழகிய வழியில் நிரப்பிப் பார்க்கலாம். முதல் k உறுப்புகளின் கூடுதல் இரண்டைவிடக் குறைவு என்க. அடுத்த உறுப்பைச் சேர்த்தால் கூடுதல் 2 + 1/(k + 1)²-ஐவிடக் குறைவு. நமக்கு வேண்டியது இரண்டைவிடக் குறைவு என்பது. எவ்வளவு முயன்றாலும் அந்தச் சிறு உபரியைக் கரைக்க முடியாது. திறமைக் குறைவு காரணமல்ல. “இரண்டைவிடக் குறைவு” என்ற முதலீடு எவ்வளவு குறைவு என்று சொல்லவில்லை. அது மட்டுமே தெரிந்த ஒருவருக்கு, எட்டு உறுப்புகளின் கூடுதல் 1.99 ஆகவும் இருக்கலாம். 1/81 சேர்ந்தால் அது இரண்டைத் தாண்டிவிடும். உண்மையில் அப்படி இல்லை என்பது நமக்குத் தெரியும், ஆனால் நாம் எடுத்துக்கொண்ட P(k)-க்குத் தெரியாது.

ஆகவே மறைந்த வரிகளில் வெறும் இயற்கணிதம் இருந்திருக்க முடியாது. கூற்றையே மாற்றும் ஒரு வரி அங்கே இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் கூற்று வேண்டும். அது இது:

```
Q(n) : 1/1² + 1/2² + ... + 1/n² ≤ 2 − 1/n
```

n = 1 எனில் 1 ≤ 2 − 1. உண்மை. இப்போது Q(k) உண்மை என்று கொண்டு அடுத்த உறுப்பைச் சேர்த்தால், கூடுதல் 2 − 1/k + 1/(k + 1)²-ஐத் தாண்டாது. வேண்டிய எல்லை 2 − 1/(k + 1). இரண்டையும் ஒப்பிட்டால் காட்ட வேண்டியது இவ்வளவுதான்:

```
1/(k + 1)²  ≤  1/k − 1/(k + 1)  =  1/(k(k + 1))
```

(k + 1)(k + 1) என்பது k(k + 1)-ஐவிடப் பெரியது. பெரிய எண்ணின் தலைகீழி சிறியது. எனவே இது எல்லா k-க்கும் உண்மை. Q(n) எல்லா n-க்கும் நிறுவப்பட்டது. 2 − 1/n என்பது இரண்டைவிடக் குறைவு என்பதால் P(n)-உம் கூடவே வந்துவிட்டது.

அந்த 1/n எங்கிருந்து முளைத்தது? இதற்கும் ரஃப் நோட்டில் பதில் உண்டு. ஒவ்வொரு அடியிலும் 1/(k + 1)² என்ற செலவு வருகிறது. இருப்பு அந்தச் செலவைத் தாங்குமளவு குறைந்துகொண்டே போக வேண்டும், ஆனால் தீர்ந்துவிடக் கூடாது. 1/k-இலிருந்து 1/(k + 1)-க்கு இறங்கும்போது விடுபடும் தொகை 1/(k(k + 1)), செலவைவிடச் சற்றே அதிகம். அதனால் இருப்புக்கு 1/n பொருந்துகிறது.

இங்கே நடந்தது கொஞ்சம் வியப்பானது. Q(n) என்பது P(n)-ஐவிட அதிகமாகச் சொல்கிறது, ஆகவே நிறுவக் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் எளிதாகிவிட்டது. போய்ச் சேர வேண்டிய இடம் கடினமாகும்போது கையிலுள்ள முதலீடும் அதே அளவுக்கு வலுவாகிறது என்பதுதான் காரணம். தொகுத்தறிதலில் கூற்று இரண்டு வேடம் போடுகிறது, k-இல் அது உதவி, k + 1-இல் அது கடமை. ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட, கணக்குகளைத் தீர்க்கும் முறை பற்றிய தம் புத்தகத்தில் இதைக் கண்டுபிடிப்பாளரின் முரண் என்ற பொருளில் குறிப்பிட்டார்.

ஒரு படத்தில் தொடர்புப் படி காணவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, P(k) தருவதற்கும் P(k + 1) கேட்பதற்கும் நடுவே உள்ள பள்ளம் எவ்வளவு என்பது. முதல் படத்தில் அந்தப் பள்ளம் 2k²-க்கும் (k + 1)²-க்கும் நடுவே இருந்தது. K ≥ 5 அதை அடைத்தது. இரண்டாவதில் அது 1/(k + 1)² என்ற உபரி. அதை அடைக்க எதுவும் கையில் இல்லாததால் கூற்றைத்தான் பலப்படுத்த வேண்டியிருந்தது. எத்தனை வரிகள் மறைந்தன என்பதைவிட இந்தப் பள்ளத்தின் இயல்புதான் எப்படி நிரப்புவது என்று தீர்மானிக்கிறது.

நீங்களே செய்து பார்க்க ஒன்று. 3ⁿ > n³ என்பது நான்கிலிருந்து எல்லா n-க்கும் உண்மை. 3⁴ என்பது 81, 4³ என்பது 64. தொடர்புப் படியை எழுதுங்கள். எழுதி முடித்ததும், வரிகளில் k = 2 என்று போட்டுப் பாருங்கள். 9 > 8 என்பதால் P(2) உண்மை. மூன்றில் இரண்டு பக்கமும் 27, எனவே P(3) பொய். உங்கள் வரிகளில் ஏதோ ஒன்று அங்கே உடைய வேண்டும். எது உடைகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், நான்கிலிருந்து அது ஏன் உடையவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.